கடைசி பஸ் எட்டேகாலுக்கு: அப்பாயிண்ட்மென்ட் தவறும் நோயாளிகளுக்கு ஒரு கிளினிக் எழுதிய கடிதம்

கொங்குப் பகுதியில் ஒரு தாலுகா தலைநகர். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இரண்டு நாற்காலி கொண்ட பல் மருத்துவமனை. நடத்துபவர் ஒரு பெண் மருத்துவர். சிறு மருத்துவமனைகளுக்கு விலைப்பட்டியல், ஒப்புதல் படிவம், நோயாளிக் கடிதம் என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. அவர் என்னைக் கூப்பிட்டபோது ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார். இலக்கணத்தை மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும் என்றார்.

அந்தக் கடிதம் இப்படி இருந்தது:

> நோயாளிகளின் கவனத்திற்கு. முன்பதிவு செய்த நேரத்தில் வரத் தவறும் பட்சத்தில் ரூ.200 அபராதம் விதிக்கப்படும். எக்காரணம் கொண்டும் இவ்விதி தளர்த்தப்பட மாட்டாது. தொடர்ந்து தவறுவோரின் சிகிச்சை நிறுத்தப்படும்.

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. சிறு ஊர்ப் பல் மருத்துவமனை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் அது புரியும். வேர் சிகிச்சையில், அதாவது எல்லோரும் சொல்லும் ரூட் கெனாலில், சிக்கலான பற்களுக்குச் சிறப்பு மருத்துவர் வெளியூரிலிருந்து வருகிறார். இங்கே புதன்கிழமை மாலை. கம்பி போடும் மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை. ரூட் கெனாலுக்கு ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். புதன் மாலை ஐந்திலிருந்து ஒன்பதுவரை நான்கு பேருக்குத்தான் இடம். வருபவருக்குச் சம்பளம் கிடையாது, பார்க்கும் பல்லுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. நான்கு பேரில் இரண்டு பேர் வரவில்லை என்றால் அவர் வண்டியோட்டி வந்தது பாதி வீண். இப்படி இரண்டு மாதம் போனால் “இனி எனக்குத் தோதுப்படாது மேடம்” என்று நின்றுவிடுவார். அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் கடைவாய்ப் பல்லுக்கு மாவட்டத் தலைநகர் போக வேண்டியதுதான்.

ஆகவே கடிதம் வேண்டும், கண்டிப்பும் வேண்டும். அதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எழுதுவதற்கு முன்பு பதிவேட்டைப் பார்க்கலாம் என்றேன்.

பதிவேடு சொன்னது

வரவேற்பில் இருக்கும் பெண் தேதி, பெயர், ஊர், நேரம், வந்தார் அல்லது வரவில்லை என்று நோட்டில் எழுதிவைத்திருந்தார். வராதவர்களை ஊர் வாரியாகவும் நேரம் வாரியாகவும் பிரித்தோம். ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலைதான். காலை நேரத்தில் தவறியவர்கள் எல்லா ஊரிலிருந்தும் கலந்திருந்தார்கள், அவர்களும் குறைவு. மாலை ஆறரைக்கு மேல் தவறியவர்களில் பெரும்பாலோர் ஒரே திசையில், பதினைந்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். உள்ளூர்க்காரர்கள் அந்த நேரத்துக்கு ஒழுங்காக வந்திருந்தார்கள்.

வராதவர்கள் சிலரிடம் ஃபோனில் பேசினோம். ஒரு அம்மா சொன்னது எல்லாவற்றையும் விளக்கிவிட்டது: “எங்க ஊருக்குக் கடைசி பஸ் எட்டேகாலுக்குங்க. ஏழரைக்கு வாயைத் திறந்து உக்காந்தா நான் எப்பங்க வீட்டுக்குப் போறது? அன்னைக்கு உங்ககிட்டச் சொல்லச் சங்கடமா இருந்துச்சு, சரிங்கன்னு சொல்லிட்டேன்.”

அவர் ஏழரை மணிக்கு வர முடியாது என்பது நேரம் கொடுக்கும்போதே தீர்மானமாகிவிட்டது. யாரும் அவரிடம் எப்படி வருகிறீர்கள், எப்படித் திரும்புவீர்கள் என்று கேட்கவில்லை. டாக்டர் அம்மா கொடுத்த நேரத்தை மறுத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. 2021 மே மாதத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் சலுகை தனியார் பஸ்ஸுக்கும் வெளியூர் செல்லும் பஸ்ஸுக்கும் இல்லை. அதனால் கிராமத்துப் பெண்கள் முன்னால் வரும் தனியார் பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். அந்த நடை தாமதமானால் இவர்களும் தாமதம். பதினொரு மணிக்கு நேரம் வாங்கிப் பதினொன்றேகாலுக்கு வந்தவர்களை நோட்டில் “வரவில்லை” என்று எழுதித் திருப்பி அனுப்பியதும் நடந்திருந்தது. வராதவர் ஒரு வகை, தாமதமாக வந்தவர் ஒரு வகை. பதிவேட்டில் இரண்டும் ஒரே பத்தியில் கிடந்தன.

போக்குவரத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் இருந்தார்கள். சொந்தக் கார் வைத்திருக்கும் உள்ளூர் வியாபாரி ஒருவர் மறுபடி மறுபடி சொல்லாமல் வராமல் நின்றிருக்கிறார். வலி போனதும் சிகிச்சையை மறந்தவர்கள் ஒரு கூட்டம். ரூட் கெனாலில் இது நிரந்தரப் பிரச்சினை. முதல் அமர்விலேயே வலி அடங்கிவிடும், மீதி எதற்கு என்று தோன்றிவிடும்.

அபராதம் ஏன் வேண்டாம்

இருநூறு ரூபாய் அபராதத்தை மருத்துவர் லேசில் விடவில்லை. நான் சொன்ன காரணங்கள் இரண்டு.

முதலாவது, பல்லைப் பற்றியது. முதல் அமர்வில் வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்து, மேலே தற்காலிக அடைப்பு போட்டு அனுப்புகிறார்கள். அந்த அடைப்பு சில வாரங்களுக்கானது. மாதக்கணக்கில் விட்டால் தேய்ந்து, ஓரத்தில் எச்சில் இறங்கி, சுத்தம் செய்த குழாயில் மறுபடி கிருமி சேரும். உள்ளே குடைந்த பல் கவசம் இல்லாமல் முறுக்கைக் கடித்தால் பிளந்தும் போகும். இருநூறு ரூபாய் பாக்கி இருக்கிறது என்று தெரிந்தவர் மறுபடி வர யோசிப்பார். வரவேற்பு மேஜையில் எல்லோர் முன்னாலும் கேட்பார்களே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கும். மருத்துவமனைக்கு அபராதமும் வராது, மீதிக் கட்டணமும் வராது.

இரண்டாவது, கார்க்காரரைப் பற்றியது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஒரு ஆய்வு 2000இல் வெளியானது. குழந்தையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. காசு கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள். நம் வியாபாரியும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். இருநூறை மேஜையில் போட்டுவிட்டு அடுத்த புதனும் வராமல் இருப்பார். பஸ்ஸில் வரும் அம்மாவை விரட்டி, கார்க்காரரைத் தொடாத விதி யாருக்கு?

“சிகிச்சை நிறுத்தப்படும்” என்ற வரியும் போக வேண்டியிருந்தது. பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டு நன்னெறி விதிகளின்படி, ஏற்றுக்கொண்ட நோயாளியைப் போதிய முன்னறிவிப்பு இல்லாமல் கைவிடக் கூடாது. அதிலும் பாதி திறந்த பல்லோடு ஒருவரை அனுப்பிவிட்டு, முன்பே கடிதம் கொடுத்திருந்தோம் என்று சொல்வது மருத்துவர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் வம்பு.

“தகுந்த காரணம்” என்ற பொறி

இரண்டாவது வரைவை மருத்துவரே எழுதினார். அபராதம் இல்லை. “போக்குவரத்துச் சிரமம் போன்ற தகுந்த காரணம் இருப்பின் பரிசீலிக்கப்படும்” என்று ஒரு வரி. படிக்க இரக்கமாக இருக்கிறது. நடைமுறையில் இதுதான் முதல் வரைவைவிடச் சிக்கலானது.

காரணம் தகுந்ததா என்று யார் தீர்மானிப்பது? வரவேற்பில் இருக்கும் பெண். அவருக்கு எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் நன்றாகப் பேசத் தெரிந்தவர், “டிராஃபிக்ல மாட்டிட்டேம்மா, டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்பார். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார், வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டார். மன்னிப்பு யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆதாரம் கேட்டாலும் அதே கதைதான். டவுன் பஸ் வரவில்லை என்பதற்கு யார் சான்று எழுதித் தருவார்?

எனவே காரணத்தை எடைபோடும் வேலையையே கடிதத்திலிருந்து எடுத்துவிட்டோம். மருத்துவமனைக்கு நஷ்டம் தருவது ஒருவர் வராதது மட்டுமல்ல, வராததை முன்கூட்டி அறியாதது. முந்தின நாள் தெரிந்தால் அந்த ஒரு மணி நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். அன்றைக்கே தெரிந்தாலும், உள்ளூரில் பல் சுத்தம் செய்யக் காத்திருப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கலாம். ஆகவே விதி ஒன்றுதான்: சொன்னாரா, சொல்லவில்லையா. இது காருக்கும் பஸ்ஸுக்கும் பொது, கண்டிப்பாகவும் நடத்தலாம்.

சொல்வதையும் சுலபமாக்க வேண்டும். ஃபோனில் காசு குறைவாக இருப்பவரும் மிஸ்டு கால் கொடுப்பார். அதையே முறையாக்கினோம். மருத்துவமனை எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், இவர்கள் திருப்பிக் கூப்பிடுவார்கள், அந்த மிஸ்டு கால் வந்த நேரமே சொன்ன நேரம்.

கடிதம்

கடைசியாக அச்சான வடிவம் இது. ஏ4 தாளில் ஒரே பக்கம், பெரிய எழுத்து.

> வணக்கம்.
>
> உங்களுக்குக் கொடுக்கும் நேரத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. நீங்கள் சொல்லாமல் வராமல் இருந்தால், வலியோடு காத்திருக்கும் இன்னொருவருக்கு அந்த நேரம் கிடைக்காமல் போகிறது. அதனால் கீழே உள்ள முறையை எல்லோருக்கும் ஒன்றுபோலக் கடைப்பிடிக்கிறோம்.
>
> நேரம் வாங்கும்போது: எப்படி வருவீர்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்போம். நாங்கள் சொல்லும் நேரம் தோதுப்படாவிட்டால் அப்போதே சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்.
>
> வர முடியாவிட்டால்: முந்தின நாள் மாலை 6 மணிக்குள் ஃபோன், வாட்ஸ்அப், மிஸ்டு கால் ஏதாவது ஒன்றில் தெரியப்படுத்துங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.
>
> அன்றைக்கே தடங்கல் வந்தால்: பஸ் வரவில்லை, வண்டி கிடைக்கவில்லை, கூட்டிவர ஆள் இல்லை என்றால், உங்கள் நேரத்துக்கு முன்பு தெரியப்படுத்தினால் போதும். ஆதாரம் கேட்க மாட்டோம். ஒரே சிகிச்சையில் இரண்டு முறை இப்படி ஆனால், உங்களுக்கு வந்துபோகத் தோதான பகல் நேரத்துக்கு மாற்றுவோம்.
>
> தாமதமானால்: 20 நிமிடம் வரை உங்கள் நேரம் உங்களுக்கே. அதற்கு மேல் ஆனால் அடுத்தவரைப் பார்த்த பிறகு, முடிந்தவரை அன்றைக்கே பார்ப்போம்.
>
> சொல்லாமல் வராவிட்டால்: முதல் முறை நாங்களே கூப்பிட்டு அடுத்த தேதி தருவோம். இரண்டாவது முறைக்குப் பிறகு, மாலை நேரமும் சிறப்பு மருத்துவர் நேரமும் வேண்டுமானால் ரூ.300 முன்பணம் கட்ட வேண்டும். வந்தால் அது கட்டணத்தில் கழிக்கப்படும். மறுபடி சொல்லாமல் இருந்தால் திருப்பித் தரப்படாது. முன்பணம் கட்ட முடியாதவர்கள் காலை 10 முதல் 12 வரை நேரில் வந்து காத்திருந்து பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது முறைக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு நேரம் ஒதுக்கப்பட மாட்டாது, காலையில் வந்து காத்திருக்க வேண்டும்.
>
> எத்தனை முறை தவறினாலும்: வலி, வீக்கம், ரத்தக் கசிவு, பாதியில் நிற்கும் பல் சிகிச்சை ஆகியவற்றுக்கு வந்தால் பார்ப்போம். பாக்கி இருக்கிறது என்று வராமல் இருக்க வேண்டாம்.
>
> நாங்கள் தவறினால்: மருத்துவர் வர முடியாவிட்டால் முந்தின நாள் மாலை 6 மணிக்குள் சொல்வோம். சொல்லாமல் விட்டு நீங்கள் வந்துவிட்டால், உங்கள் பஸ் செலவு எங்களுடையது. அடுத்த தேதியை நீங்கள் சொல்லும் நேரத்தில் தருவோம்.
>
> வரும் விதம்: ________ கடைசி பஸ்: ________
> உங்கள் எண்: ________ வீட்டில் இன்னொருவர் எண்: ________

வரிகளுக்குப் பின்னால்

“எக்காரணம் கொண்டும்” போன்ற சொற்களை எடுத்ததால் கடிதம் இளகிவிட்டது என்று மருத்துவரின் கணவர் குறைப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வரைவின் மிரட்டலை யாராலும் நடத்திக்காட்ட முடியாது, தெரிந்த முகம் வந்து நின்றால் அன்றைக்கே அது உடைந்துவிடும். இதில் மூன்றாவது முறைக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எழுதியபடியே நடக்கும். யாரிடமும் குரலை உயர்த்தத் தேவையில்லை.

அன்றைய தடங்கலுக்கான பத்தியில்தான் ஏமாற்ற இடம் இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது. பஸ் வரவில்லை என்று யாரும் பொய் சொல்லலாம். ஆனால் பொய் சொல்பவரும் ஃபோன் செய்துதான் சொல்ல வேண்டும், மருத்துவமனைக்கு வேண்டியது அந்த ஃபோன்தான். இரண்டாவது முறை அப்படிச் சொன்னால் பகல் நேரத்துக்குப் போகிறார். உண்மையாகவே பஸ் பிரச்சினை உள்ளவருக்கு அது உதவி. கடையைப் பார்த்துக்கொண்டு மாலை நேரமே வேண்டும் என்பவருக்கு அது இழப்பு.

முந்நூறு ரூபாய் முன்பணம் எனக்கு முழுதும் உடன்பாடானது அல்ல. அபராதத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறோமோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. மருத்துவர் விடவில்லை. வெளியூர் மருத்துவரிடம் “இந்த நேரம் உறுதி” என்று சொல்ல ஏதாவது கையில் வேண்டும் என்றார், அதை மறுக்க முடியவில்லை. பாக்கியாக நிற்காமல் கட்டணத்திலேயே கழிகிறது, காசு கட்டாமலும் வர ஒரு வழி இருக்கிறது என்ற இரண்டு காரணத்துக்காக ஒப்புக்கொண்டேன். காத்திருப்பு வரிசையில் சிறப்பு மருத்துவர் கிடைக்க மாட்டார். அங்கே பொது மருத்துவரே தற்காலிக அடைப்பைப் பார்த்து மாற்றி வைப்பார், பல் தாக்குப்பிடிக்க அது போதும். மூன்று முறை சொல்லாமல் நின்றவருடைய பாதிப் பல்லை முடிக்க மட்டும், மற்றவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் புதன் நேரம் ஏதாவது வந்தால் அன்றைக்குக் காலையில் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

பஸ் செலவு வரிக்குத்தான் நீண்ட வாக்குவாதம். “நான் என்ன பஸ் கம்பெனியா?” என்று கேட்டார் மருத்துவர். சிறப்பு மருத்துவர் திடீரென்று வராத நாள்களில் இருபது கிலோமீட்டர் வந்து திரும்பிப்போனவர்களின் பெயரை வரவேற்புப் பெண் நோட்டிலிருந்து வாசித்துக்காட்டினார். அதன் பிறகு அந்த வரி நின்றது. இதில் தொகை சிறியது. நாங்களும் கட்டுப்பட்டவர்கள் என்று எழுதியபின்தான் மற்ற வரிகளை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறது.

கடிதத்தைக் கொடுக்கும் முறையையும் முடிவு செய்தோம். சுவரில் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. கட்டணத்தைச் சொல்லும்போது, பணம் கட்டுவதற்கு முன்பு, வரவேற்புப் பெண் வாய்விட்டு வாசிக்கிறார். கடைசியில் உள்ள நான்கு இடங்களையும் அவரே கேட்டு நிரப்புகிறார். கையெழுத்து வாங்குவதில்லை. கையெழுத்து என்றதும் கிராமத்து ஆட்கள் பத்திர ஆபீஸ் ஞாபகத்தில் பதறுகிறார்கள். இரண்டாவது எண் கட்டாயம், ஏனென்றால் வயதானவர்கள் தரும் எண் பெரும்பாலும் திருப்பூரில் வேலைபார்க்கும் மகனுடையது. முந்தின நாள் நினைவூட்டல் அவனுக்குப் போய், அம்மாவுக்கு வந்துசேராது.

நடைமுறையில்

நேரம் கொடுக்கும்போது கடைசி பஸ்ஸைக் கேட்கத் தொடங்கியதும், கிராமத்துக்காரர்களுக்குப் புதன் மாலை ஐந்தும் ஆறும், உள்ளூர்க்காரர்களுக்கு ஏழும் எட்டும் என்று தானாகவே அமைந்துவிட்டது. எட்டேகால் பஸ் அம்மாவுக்கு ஐந்து மணி. ஆறு மணிக்கு முடித்துக்கொண்டு, காய்கறி வாங்கிக்கொண்டு ஊர் போய்ச்சேர்ந்தார். கடிதத்தின் கண்டிப்பான பகுதிக்கு அவர் விஷயத்தில் வேலையே வரவில்லை.

அந்த வேலை வியாபாரியிடம் வந்தது. இரண்டாவது முறை சொல்லாமல் நின்ற பிறகு முன்பணம் கேட்டபோது, “என்கிட்டயேவா?” என்றார். வரவேற்புப் பெண் கடிதத்தைக் காட்டி, “எல்லாருக்கும் இதேதானுங்கண்ணா” என்றார். முணுமுணுத்துக்கொண்டே கட்டினார், வந்தார். அவர் பழக்கம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்கடுத்த முறை வர முடியாதபோது ஃபோன் செய்தார், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

தீராத இடமும் ஒன்று உண்டு. கம்பி போட்டவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும், அந்த மருத்துவர் வருவதோ ஞாயிறு மட்டும். ஒரு கிராமத்து மினி பஸ் ஞாயிற்றுக்கிழமை சில நடை ஓடுவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரத்தை எப்படி மாற்றினாலும் பயனில்லை. இப்போதைக்கு அந்த ஊர்க்காரர்கள் மூவரையும் ஒரே ஞாயிறு, அடுத்தடுத்த நேரத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்று குடும்பமும் ஒரே ஆட்டோவைப் பேசி வருகிறது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்ற இருவரும் ஆட்டோ செலவைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். அப்படி மூன்று பேரும் சேர்ந்து நின்றாலும் ஒருவர் சொன்னால் மூவரும் சொன்னதாக எடுத்துக்கொள்வது என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த முறை அச்சடிக்கும்போது அது கடிதத்திலும் சேரும்.